தில்லிக் கொசுவும் அருணாசலப் பூங்குருவியும்

மழைக்காலம் முடியும் தறுவாயில், தில்லியைச் சுற்றியுள்ள அரியானா, உத்தரப் பிரதேச ஊர்களின் மாட்டுத் தொழுவங்களுக்குள் விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், சுவரிலும் கூரையின் அடிப்புறத்திலும் சின்னஞ்சிறு பழுப்புக் கொசுக்கள் உட்கார்ந்திருக்கும். இரவு மாட்டின் இரத்தத்தைக் குடித்துவிட்டு, அது செரிக்கும்வரை அசையாமல் இருக்கும் பெண் கொசுக்கள் அவை. பூச்சியியலாளர் அவற்றைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிப்பார். உருப்பெருக்கியின் கீழ் இறக்கையின் முன்விளிம்பில் உள்ள வெளிர் புள்ளிகளையும், கருத்த மூன்றாம் நரம்பையும் பார்த்து, ‘அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ்’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார். 1901இல் கைல்ஸ் சூட்டிய பெயர் அது. இந்தியக் கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான கொசு அதுதான்.

அந்தப் பதிவு சரியானது. ஆனால் அது போதாது. ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரு கொசுக்களில் ஒன்று மலேரியாவைக் கடத்தக்கூடியது. மற்றது அநேகமாகக் கடத்தாதது. எவ்வளவு நல்ல கேமராவால் எடுத்தாலும், எத்தனை கோணங்களில் எடுத்தாலும், படத்தை வைத்து எது எதுவென்று சொல்ல முடியாது. உருவத்தில் பிரித்தறிய முடியாத இத்தகைய இனங்களை உடன்பிறப்பு இனங்கள் என்கிறார்கள்.

இதே சிக்கல் இமயமலையில் வேறு வடிவத்தில் வந்தது. 1842இல் எட்வர்ட் பிளித் விவரித்த ‘சூதெரா மோலிசிமா’ என்ற பூங்குருவியை, ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஒரே இனமாகவே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அது ஒன்றல்ல என்பதைக் காதுதான் முதலில் கண்டுபிடித்தது. கொசுவில் மரபணு காட்டிக்கொடுத்தது. குருவியில் குரல் காட்டிக்கொடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உருவ ஒற்றுமை எல்லா இடத்திலும் ஒரே காரணத்தால் வருவதில்லை என்பது தெரியவரும். என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் பயன் அதுதான்.

முதலில் கொசு. மலேரியா ஒழிப்புத் திட்டத்தால் 1960களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் நோயாளிகள் என்ற அளவுக்குக் குறைந்திருந்த மலேரியா, 1976இல் அறுபது லட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. மறு ஆண்டு, 1977இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் தில்லியில் மலேரியா ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. இன்று துவாரகாவில் இயங்கும் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி அது. அந்தக் காலத்தில் பூச்சியியலாளர்களைக் குழப்பிய கேள்வி ஒன்று இருந்தது. குலிசிஃபேசிஸ் கொசு ஏராளமாக இருக்கும் சில பகுதிகளில் மலேரியா மிகக் குறைவு. அதைவிடக் குறைவாகக் கொசு இருக்கும் வேறு பகுதிகளில் நோய் கொடிகட்டிப் பறந்தது. ஒரே கொசு ஏன் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது?

ஐரோப்பா இதே கேள்வியை முன்பே எதிர்கொண்டிருந்தது. அனாஃபிலிஸ் மாகுலிபென்னிஸ் என்ற கொசு நிறைய இருந்தும் மலேரியா இல்லாத ஊர்கள் அங்கே இருந்தன. 1926இல் ஃபல்லெரோனி என்ற இத்தாலியர், வளர்ந்த கொசுக்களில் வேறுபாடு தெரியாவிட்டாலும் அவை இடும் முட்டைகளின் கோலம் வேறு வேறாக இருப்பதைக் காட்டினார். ஒரு பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருந்தன. இந்தியக் கொசுவில் விடை முட்டையின் மேல் எழுதப்பட்டிருக்கவில்லை. சினைப்பைக்குள், குரோமோசோமின் பட்டைகளில் எழுதப்பட்டிருந்தது.

அதைப் படிக்கும் முறை பொறுமையைச் சோதிக்கும். இரத்தம் குடித்து, முட்டைகள் பாதி வளர்ந்த நிலையில் இருக்கும் பெண் கொசு மட்டுமே இதற்கு உதவும். அந்த நேரத்தில் முட்டைக்கு ஊட்டம் கொடுக்கும் செல்களில், பிரியாமல் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்ட டிஎன்ஏ இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்து, கறுப்பும் வெளுப்புமான பட்டைகளோடு தெரியும். சினைப்பையைப் பிரித்தெடுத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த திரவத்தில் பதப்படுத்துவார்கள். பிறகு புரோப்பியானிக் அமிலத்தில் ஊறவைத்து, ஆர்சீயின் சாயமேற்றி, மெல்லிய கண்ணாடிவில்லையை மேலே வைத்துப் பதமாகத் தட்டி நசுக்குவார்கள். தட்டல் குறைந்தால் குரோமோசோம்கள் சிக்குண்டு கிடக்கும், கூடினால் அறுந்துபோகும். இரத்தம் குடித்த நேரம் சில மணி முன்பின் ஆகிவிட்டாலும் பட்டைகள் தெளிவாக இரா. ஊர்ஊராகப் பிடித்த கொசுக்களில் கணிசமான பகுதி இப்படிப் படிக்க முடியாமலே போய்விடும்.

1980இல் கிரீன், மைல்ஸ் இருவரும் எக்ஸ் குரோமோசோமில் இரு வகை அமைப்புகள் இருப்பதைக் காட்டினார்கள். ஒன்றில் பட்டைகள் ஒரு வரிசையில் இருக்கும். மற்றதில் இரண்டு துண்டுகள் அறுந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கும். முதலாவதை ‘ஏ’ என்றும் இரண்டாவதை ‘பி’ என்றும் அழைத்தார்கள். அதே ஆண்டிலேயே தில்லி மையத்தில் சரளா சுப்பாராவும் அவருடைய சகாக்களும், இந்தியாவில் ஏயும் பியும் எங்கெங்கே இருக்கின்றன, இவற்றில் எது நோயைக் கடத்துகிறது என்று தேடத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். மனிதரில் சிலருக்கு ஓ வகை இரத்தமும் சிலருக்கு ஏ வகை இரத்தமும் இருப்பதால் அவர்களை இரண்டு இனம் என்கிறோமா? குரோமோசோம் அமைப்பு வேறாக இருந்தால் மட்டும் இனம் வேறாகிவிடுமா? ஆகாது. முடிவைத் தந்தது வேறுபாடு அல்ல, இடைப்பட்டவை இல்லாததுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரின் கொசுக்களில் உள்ள எக்ஸ் குரோமோசோம்களில் நூற்றுக்கு 60 தலைகீழ் அமைப்பும், 40 நேர் அமைப்பும் உடையவை என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கொசுக்களும் வேறுபாடு பாராமல் ஒன்றோடொன்று இணைந்தால், 100 பெண் கொசுக்களில் 36 இரண்டு தலைகீழ் எக்ஸோடும், 16 இரண்டு நேர் எக்ஸோடும், மீதி 48 ஆளுக்கு ஒன்று கலந்தும் இருக்க வேண்டும். கலந்தவற்றை அடையாளம் காண்பதும் எளிது. தலைகீழான துண்டும் நேரான துண்டும் பட்டைக்குப் பட்டை பொருந்த முயலும்போது குரோமோசோமில் ஒரு வளையம் விழும்; நுண்ணோக்கியில் அதைத் தவறவிட முடியாது. ஆனால் ஏயும் பியும் ஒரே தொழுவத்தில் பிடிபட்ட ஊர்களில், பாதிக்குப் பாதி இருக்க வேண்டிய அந்த வளையங்கள் ஏறத்தாழ இல்லவே இல்லை. ஒரே சுவரில் உட்கார்ந்து, ஒரே மாட்டைக் கடித்து, ஒரே வாய்க்காலில் முட்டையிடும் இரண்டு கூட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இனம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. கூண்டுக்குள் வலிந்து கலப்புச் செய்யலாம்; ஆனால் ஒரு திசையில் செய்த கலப்பில் பிறந்த ஆண்கள் மலடாக இருப்பதை மைல்ஸ் 1981இல் காட்டினார்.

பிரித்த பிறகுதான் பழைய குழப்பங்கள் பல அவிழ்ந்தன. வடநாட்டில் மலேரியாவைக் கடத்துவது ஏ. பி மாட்டையே நம்பி வாழ்வது. விவாக்ஸ் கிருமியை ஊட்டிப் பார்த்தாலும் அதன் உடலில் கிருமி எளிதில் வளர்வதில்லை. ஏயும் பெரும்பாலும் மாட்டையே நாடும் என்றாலும் மனிதரிடம் வரும் சிறு பங்கே நோய்க்குப் போதுமானது. பி மட்டுமே மலிந்த பகுதிகளில் கொசு நிறைய இருந்தும் நோய் குறைவாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

மருந்தடிப்பு விஷயத்தில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. கொசுக்கள் டிடிடியைத் தாங்குகின்றனவா என்று பார்க்க, 4 விழுக்காடு டிடிடி தடவிய தாளுள்ள குழாயில் அவற்றை ஒரு மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். ஒரு பேச்சுக்கு, பிடித்த 100 கொசுக்களில் 20 ஏ, 80 பி என்று கொள்வோம். ஏயில் 16 செத்து, பியில் 16 மட்டும் செத்தால், மொத்தச் சாவு 32. பார்ப்பவர் ‘இந்த ஊரில் டிடிடி பலிக்காது’ என்று எழுதிவிடுவார். ஆனால் நோய் கடத்தும் ஏயில் ஐந்துக்கு நான்கு செத்திருக்கிறது. எண்கள் நான் விளக்கத்துக்குப் போட்டவை, நிலைமை உண்மையானது. பியைவிட ஏ டிடிடிக்கு எளிதில் மடிகிறது என்பதையும், இரண்டும் கலந்த பகுதிகளில் மருந்தடித்தால் ஏயின் பங்கு சரிகிறது என்பதையும் சுப்பாராவ், வசந்தா, சர்மா மூவரும் 1988இல் வெளியிட்டார்கள். கலவையைச் சோதித்த முடிவு, கலவையில் உள்ள எந்த இனத்துக்கும் பொருந்தாமல் போகலாம்.

இதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். இராமேசுவரம் அதைக் கெடுத்தது. பாம்பன் தீவில் கிடைத்த குலிசிஃபேசிஸ் எல்லாம் குரோமோசோம் பட்டைகளின்படி பி. பி நோய் கடத்தாது என்றால் தீவில் மலேரியா எப்படி வருகிறது? பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே முரண். இலங்கையில் பி மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்டது; அங்கேயோ குலிசிஃபேசிஸ்தான் முதன்மை மலேரியாக் கொசுவாக இருந்தது.

இந்த முறை துப்புக் கிடைத்தது ஒய் குரோமோசோமில். சினைப்பைப் பட்டைகள் பெண் கொசுவில் மட்டுமே படிக்கக்கூடியவை. பெண்ணுக்கு ஒய் கிடையாது. ஆகவே ஆய்வாளர்கள் சுற்றுவழியில் போனார்கள். தீவில் பிடித்த ஒவ்வொரு பெண் கொசுவையும் தனித்தனியே முட்டையிட வைத்தார்கள். தாயின் உமிழ்நீர்ச் சுரப்பியை அறுத்து, மலேரியாக் கிருமியின் தொற்றுநிலை அங்கே வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். முட்டையிலிருந்து வளர்ந்த ஆண் புழுக்களின் மூளையை நசுக்கி ஒய் குரோமோசோமின் வடிவத்தைப் பார்த்தார்கள். மகனின் ஒய் தந்தையிடமிருந்து வந்தது. தாய் தன் இனத்தோடு மட்டுமே இணைந்திருந்தால் அந்த ஒய் தாயின் இனத்தையும் சொல்லும். ஒய் இரு வடிவங்களில் இருந்தது. ஒன்றில் இரண்டு கைகள் தெரியும். மற்றதில் இடுக்கு ஒரு முனையிலேயே இருப்பதால் ஒரு கைதான் தெரியும். கிருமி சுமந்த தாய்களின் மகன்கள் இருகை ஒய் உடையவர்கள். அதற்குள் சி, டி என்று மேலும் இரு இனங்கள் பிரிக்கப்பட்டிருந்ததால், ‘பி’க்குள் ஒளிந்திருந்த இந்த இனத்தை 1999இல் ‘இ’ என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரான எஸ்.என். சுரேந்திரனும் சகாக்களும் இலங்கையிலும் இதே இரு ஒய் வடிவங்களையும், அவற்றுக்கேற்ப மாறும் நோய்கடத்தும் திறனையும் காட்டினார்கள்.

கவனிக்க வேண்டியது இது. பட்டைகளும் ஒருவகைப் புகைப்படம்தான். படத்தில் இருவர் ஒன்றுபோல் தெரிவது போலவே, எக்ஸ் பட்டைகளில் பியும் இயும் ஒன்றுபோல் தெரிந்தன. ‘மரபணு பிரிக்கும்’ என்று பொதுவாகச் சொல்வது தவறு. எந்த மரபணு, எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. இன்று கொசுவின் ஒரு காலை அரைத்தாலே போதும், பிசிஆர் முறையில் பார்த்துவிடலாம். தில்லியில் உருவான முறை இரண்டு படிகளில் இயங்குகிறது. ரைபோசோம் மரபணுவின் ஒரு பகுதியை வைத்து ஏ, டி ஒரு கட்டாகவும், பி, சி, இ மற்றொரு கட்டாகவும் முதலில் பிரிப்பார்கள். பிறகு மைட்டோகாண்டிரியா மரபணு ஒன்றில் உள்ள ஒற்றை எழுத்து வேறுபாடுகளைக் கொண்டு ஒவ்வொரு கட்டையும் அவிழ்ப்பார்கள். ஐந்து இனங்களையும் இப்படிப் பிரிக்கும் முறை 2006இல் வெளியானது. ஒற்றை எழுத்தை நம்பும் சோதனை நுட்பமானது. வினை நடக்கும் வெப்பநிலை சற்றுத் தளர்ந்தால் தவறான இழையோடும் முதனி ஒட்டிக்கொண்டு பொய்யான பட்டையைக் காட்டும். அதனால்தான் குரோமோசோமால் இனம் உறுதியான கொசுக்களை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறார்கள்.

இப்போது குருவிக்கு வருவோம். 2009 கோடைத் தொடக்கத்தில், அருணாசலப் பிரதேசத்தின் உயர்ந்த மலைச்சரிவுகளில் சுவீடனின் பெர் ஆல்ஸ்ட்ரோமும் இந்தியாவின் சஷாங்க் தால்வியும் பறவைகளைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். ஊசியிலை மரங்களும் பிற மரங்களும் கலந்த காட்டில் இந்தப் பூங்குருவி இனிமையாக, இழுத்து, சீட்டியடிப்பது போலப் பாடியது. மரங்கள் முடியும் எல்லைக்கு மேலே, பாறை வெளியில், அதே தோற்றமுடைய குருவி கரகரப்பாக, கீறலும் கீச்சலுமாகப் பாடியது. தூரம் அதிகமில்லை, வேறுபாடு உயரத்திலும் வாழிடத்திலும்தான்.

கேட்ட மாத்திரத்தில் புது இனம் என்று அறிவித்துவிட முடியாது. பூங்குருவிகள் பாட்டைக் கற்றுக்கொள்ளும் பறவைகள். குஞ்சாக இருக்கும்போது கேட்டது பிற்காலப் பாட்டில் படியும். ஆகவே ஒரே இனத்துக்குள்ளேயே வட்டார வழக்குகள் தோன்றலாம். இந்த இடத்தில் தவளை ஆய்வாளர்களின் நிலை எளிதானது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் எஸ்.டி. பிஜுவின் குழு 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஏழு இராத் தவளை இனங்களை அறிவித்தது. அவற்றில் நான்கு ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டிய குட்டித் தவளைகள். பூச்சிபோல் ஒலிப்பதாலும் இலைச்சருகுக்குள் மறைந்திருப்பதாலும் அதுவரை கண்ணுக்குத் தப்பியவை. தவளையின் குரல் கற்றுக்கொண்டதல்ல, பிறவியிலேயே வருவது. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. குளிரில் அதன் துடிப்பு வேகம் குறையும். காற்றின் வெப்பநிலையைக் குறிக்காமல் செய்த ஒலிப்பதிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

பூங்குருவிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லாததால் மூன்று பக்கமிருந்தும் சான்று தேட வேண்டியிருந்தது. பதிவுகளை ஒலிவரைபடமாக்கி, சுரங்களின் நீளத்தையும் அதிர்வெண் பரப்பையும் அளந்தார்கள். ஏழு நாடுகளில் உள்ள 15 அருங்காட்சியகங்களில் பாடம்செய்து வைத்திருந்த பழைய குருவிகளின் அலகையும் இறக்கையையும் வாலையும் காலையும் அளந்தார்கள். டிஎன்ஏவைப் படித்தார்கள். மூன்றும் ஒரே இடத்தில் கோடு கிழித்தன. காட்டுக் குருவிக்கு அலகு சற்று நீளம். கால், வால், இறக்கை சற்றுக் குட்டை. நிறத்தில் கொஞ்சம் செம்மை. இரண்டும் பிரிந்து பல மில்லியன் ஆண்டுகள் ஆகியிருந்தன. 2016 ஜனவரியில் காட்டுக் குருவிக்கு சாலிம் அலியின் பெயரால் ‘சூதெரா சாலிமாலியை’ என்று பெயரிட்டார்கள். விடுதலைக்குப் பிறகு இந்தியாவிலிருந்து புதிதாக விவரிக்கப்பட்ட நான்காவது பறவை இனம் இது.

இரண்டு வழக்குகளையும் எதிரெதிரே நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது, ‘ஒன்றுபோல் இருக்கிறது’ என்ற சொல் இரண்டிலும் ஒரே பொருளைத் தரவில்லை என்பதுதான். கொசுவில் எது ஏ, எது பி என்று தெரிந்த பின்பும் வளர்ந்த உடலில் நம்பத்தக்க அடையாளம் கிடைக்கவில்லை. பூங்குருவியில் வேறுபாடு இருக்கத்தான் செய்தது. 15 அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் யாரும் கேட்காமல் கிடந்தது. குரல் ‘இங்கே பிரித்துப் பார்’ என்று சொன்ன பிறகே அளவுகோல் அதைக் கண்டது. ஆனால் அந்த வேறுபாடும் புகைப்படத்துக்கு அவ்வளவாக உதவாது. சில மில்லிமீட்டர் நீளமான அலகு, தலை சற்றுத் திரும்பிய படத்தில் குட்டையாகிவிடும். செம்மை கலந்த பழுப்பு, மாலை வெயிலில் எல்லாக் குருவிக்கும் வந்துவிடும்; இறகு தேய்ந்தால் போய்விடும். கையில் பிடித்து அளக்கும்போது இருக்கும் உறுதி படத்தில் இருப்பதில்லை.

அடுத்து, ஒற்றுமையின் காரணம். கொசு அந்தி மங்கலில் இணைசேர்வது. அங்கே நிறத்துக்கும் புள்ளிக்கும் வேலையில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அறிவது இறக்கையடிப்பின் ஒலியாலும் உடலின் மணத்தாலும். ஆப்பிரிக்காவின் காம்பியே கொசுவில் உருவத்தால் பிரிக்க முடியாத இரு வடிவங்கள், பறக்கும்போதே இறக்கையொலியை இசைவித்துத் தன்னினத்தைத் தேர்வதாக 2010இல் ஓர் ஆய்வு காட்டியது; அவற்றில் ஒன்றுக்கு 2013இல் தனிப் பெயரும் கிடைத்தது. ஆக, கொசுவுக்கும் குரல் இருக்கிறது. நம் காதுக்கு அது வெறும் ரீங்காரம். குலிசிஃபேசிஸில் ஏயும் பியும் நெருங்கிய உறவினர், ஒரே தொழிலைச் செய்பவை. பார்வைக்கு வேறாகத் தெரிய அவற்றுக்கு ஒரு தேவையும் எழவில்லை. தலைகீழ்த் துண்டு செய்வது வேறு வேலை: நேர்த் துண்டோடு மரபணுக்களை மாற்றிக்கொள்வதைத் தடுத்து, கூட்டாகப் பயன்படும் மரபணுக்களை ஒன்றாகக் கட்டிவைக்கும். மாற்றம் முழுவதும் உள்ளே நடந்தது.

பூங்குருவிக்கு இந்த விளக்கம் செல்லாது. அதற்குக் கூர்மையான கண் உண்டு; பகலில் வாழ்கிறது; பிரிந்து நெடுங்காலமும் ஆயிற்று. அப்படியிருந்தும் உருவம் மாறாததற்கு எனக்குப் பொருத்தமாகப் படும் காரணம், அதைப் பார்க்கும் இன்னொரு கண். தரையில் இரை தேடும் குருவி மேலிருந்து வரும் வல்லூறுக்குத் தெரியக் கூடாது. முதுகில் மண்ணின் பழுப்பு, நெஞ்சில் வெளிச்ச நிழல் போன்ற பிறைக்கோடுகள்: இந்த வேடத்தைக் காட்டிலும் கலைக்க முடியாது, பாறைவெளியிலும் கலைக்க முடியாது. உருவத்தைக் கொன்றுண்ணி பூட்டிவைத்தது, பாட்டு பூட்டப்படவில்லை. அடர்ந்த காட்டில் நீண்ட தூய சுரம் மரங்களில் சிதறாமல் தொலைவு போகும் என்பார்கள்; காற்றடிக்கும் திறந்தவெளியில் கரகரப்பான துண்டுத் துண்டான ஒலிக்குத் தடையில்லை. பாட்டு வாழிடத்துக்கேற்ப இரண்டாகப் போனதற்கு அது ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம்.

சான்றின் தரத்திலும் இரண்டும் வேறு. கொசுவில் ஒரே சுவரிலிருந்து எடுத்தவற்றில் கலப்பு இல்லை என்பதை எண்ணிக் காட்ட முடிந்தது. அதனால் வேறு சான்று இல்லாமலே வழக்கு நின்றது. பூங்குருவிகளோ இனப்பெருக்கக் காலத்தில் மேலும் கீழுமாக வாழ்பவை. சந்திக்காததால் கலக்கவில்லையா, சந்தித்தும் கலக்கவில்லையா என்ற கேள்விக்கு இடமுண்டு. பாட்டும் அளவுகளும் டிஎன்ஏவும் ஒத்துப்போனதால்தான் அங்கே தீர்ப்பு நிலைத்தது. மறுபுறம், குரலுக்கு ஒரு சலுகை உண்டு. மலையேறுபவர் பாடும் குருவியைத் தொடாமலே பிரித்துவிடலாம். கொசுவைப் பிரிக்க அதைக் கொன்றாக வேண்டும், ஆய்வகம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் செலவு வேண்டும். மாவட்ட மலேரியா அலுவலகத்தில் இது நடைமுறையாகாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. குருவிக்கும் எல்லை உண்டு: அது பாடுவது இனப்பெருக்கக் காலத்தில்தான். குளிர்காலத்தில் மலையடிவாரத்துக்கு இறங்கி வாய்மூடித் திரியும் குருவியைப் படமெடுத்தவர், மறுபடியும் அலகின் சில மில்லிமீட்டர்களை நம்பித்தான் ஆக வேண்டும். பல குறிப்பேடுகளில் ‘இரண்டில் ஏதோ ஒன்று’ என்று எழுதி விடுவது நேர்மையான பதிவு.

அந்த 2016 ஆய்வு மூன்றாவது ஒன்றையும் பிரித்தது. சீனாவின் சிசுவானில் வாழும் காட்டுப் பூங்குருவி தனி இனம் என்று அதற்குப் பழைய பெயரொன்றை மீட்டுக் கொடுத்தார்கள். யுன்னானிலிருந்து கிடைத்த டிஎன்ஏ, நான்காவது ஒன்றும் இருக்கலாம் என்று காட்டியது. அங்கே வரிசை தலைகீழானது. மரபணு முதலில் சொல்லிவிட்டது, குரலும் அளவும் பின்னால் வர வேண்டும். அந்தக் கட்டுரையில் அதற்குப் பெயர் சூட்டவில்லை.